முன்னோட்டப் படத்தில் தலைப்பை மறுபடியும் எழுதாதீர்கள்

இணைப்பைப் பகிரும்போது தோன்றும் முன்னோட்டப் படத்தின் மேல் கட்டுரையின் முழுத் தலைப்பையும் எழுதி, ஓரத்தில் சின்னத்தையும் அடியில் எழுதியவர் பெயரையும் வைத்து வெளியிடும் வழக்கம் ஏறக்குறைய ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அதை விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. அப்போது தலைப்பு தனி எழுத்தாகப் படத்தின் கீழோ பக்கத்திலோ எப்படியும் வந்துவிடுகிறது; அது பக்கத்தின் HTML நிரலில் உள்ள og:title குறியிலிருந்து எடுக்கப்பட்டு, வாசகரின் திரைக்கேற்ற அளவில் தெளிவாகவே தெரிகிறது. அதையே படத்துக்குள் இன்னொரு முறை எழுதினால், படிக்க முடியாத நகல் ஒன்றுதான் மிஞ்சும்.

ஏன் படிக்க முடியாது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். முகநூல் பரிந்துரைக்கும் படத்தின் அளவு 1200×630 பிக்சல். கணினித் திரையில் அதை முழு அளவில் வைத்துத்தான் நாம் வடிவமைக்கிறோம். அப்போது 48 பிக்சல் எழுத்து தாராளமாகவே தெரிகிறது. கைப்பேசி ஊட்டத்தில் அதே படம் சுமார் 360 திரை அலகு அகலத்துக்குச் சுருங்கும்போது எழுத்து 14 ஆகிவிடுகிறது. அதுவரை பரவாயில்லை. அரட்டைச் செயலிகளில் முன்னோட்டம் சிறு சதுரமாக வரும் இடங்களில்தான் உண்மையான சிக்கல். நடுப்பகுதியில் 630×630 மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டு, இரு பக்கமும் 285 பிக்சல் வெட்டுப்படுகிறது. மீதி 80 அலகுச் சதுரமாகச் சுருங்கினால், கைப்பேசியில் அது ஏறக்குறைய அரை அங்குலம். இப்போது அந்த 48 பிக்சல் எழுத்து ஆறு அலகுதான். உயரத்தில் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. ஓரத்துச் சின்னமோ வெட்டிலேயே போய்விட்டது.

தமிழ் எழுத்துக்கு இதில் கூடுதல் இழப்பு உண்டு. சுருக்கும்போது மெல்லிய கோடு பின்னணி நிறத்தோடு கலந்துவிடுகிறது. நான்கு பிக்சல் தடிமனான கோடு 80 பிக்சல் சதுரத்தில் அரை பிக்சலாகி, வெள்ளை எழுத்து சாம்பலாகத் தெரியும். முதலில் மறைவது புள்ளி, அடுத்து 'ி', 'ீ' இரண்டையும் பிரித்துக் காட்டும் சுழி. இதற்குப் பயந்து மிகத் தடித்த எழுத்துருவைப் போட்டால், 'ண', 'ஊ' போன்றவற்றின் உள்வெளி அடைபட்டு எழுத்தே கறையாகிவிடுகிறது. ஆகவே நடுத்தரத் தடிமனே நல்லது. தடிமனைக் கூட்டுவதைவிட, சொற்களைக் குறைத்து எழுத்தளவைக் கூட்டுவதே பலன் தரும்.

'கடவுச்சொல்லைப் பாதுகாக்கும் வழிமுறைகள்' என்ற கட்டுரையை எடுத்துக்கொள்வோம். சதுரத்துக்குள் பிழைக்க வேண்டுமானால் எழுத்தளவு 100 பிக்சலுக்கு மேல் இருக்க வேண்டும்; அந்த அளவில் 'கடவுச்சொல்' என்ற ஒரே சொல்லே 630 பிக்சல் அகலத்துக்குள் அடங்குவது கடினம். எனவே தலைப்பை முழுவதுமாக எடுத்துவிட்டு, அடர்நீலப் பின்னணியின் நடுவில் 123456 என்ற இலக்கங்களை மட்டும் 160 பிக்சல் அளவில் வெள்ளையாக எழுதுவேன். அது ஏறக்குறைய 530 பிக்சல் அகலம் வரும். சிறு சதுரத்திலும் இலக்கங்கள் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் உயரமாக நிற்கும். தலைப்பு பக்கத்திலேயே இருப்பதால், இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவருக்குச் செய்தி விளங்கிவிடும். குறுக்கே சிவப்புக் கோடு போடும் ஆசை எனக்கும் வரும்; ஆனால் சிறிய அளவில் அந்தக் கோடு இலக்கங்களோடு ஒட்டிக்கொண்டு, எட்டா ஆறா என்று தெரியாமல் செய்துவிடும்.

அடர்நீலத்தில் வெள்ளை என்பதற்கும் காரணம் இருக்கிறது. தளங்கள் படத்தை மறுபடியும் ஜேபெக்காகச் சுருக்கும்போது, ஒளியளவை முழுமையாக வைத்துக்கொண்டு நிற விவரத்தைப் பெரும்பாலும் நீளத்திலும் அகலத்திலும் பாதியாகக் குறைத்துவிடுகின்றன. பச்சையில் சிவப்பு எழுத்து என்பதுபோல, நிறத்தில் வேறுபட்டு ஒளியளவில் ஒத்துப்போகும் ஜோடிகளின் ஓரங்கள் அதனால் கலங்கிப்போகும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் போதும்: எழுத்து அங்கே மங்கினால் சிறு அளவிலும் மங்கும்.

யூடியூபுக்கு 1280×720 அளவு. அங்கே சதுர வெட்டுக் கவலை குறைவு, ஆனால் வலது கீழ்மூலையில் காணொளியின் நேரம் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அந்த இடத்தில் எதையும் வைக்கக் கூடாது.

வெளியிடுவதற்கு முன் கீழ்க்காணும் கட்டளையால் சிறிய நகல் ஒன்றை எடுத்து, பெரிதாக்காமல் பாருங்கள். இமேஜ்மேஜிக் 7 நிறுவியிருந்தால் போதும்.

```
magick card.png -gravity center -crop 630x630+0+0 +repage -resize 80x80 -quality 75 test.jpg
```

கைப்பேசித் திரையின் அடர்த்தி அதிகம் என்பதால் உண்மையில் இதைவிடச் சற்றுத் தெளிவாகத் தெரியலாம். சோதனை கொஞ்சம் கடுமையாக இருப்பதில் தவறில்லை. படத்தைப் பிறகு மாற்றினாலும் முகநூல் பழைய முன்னோட்டத்தையே சில காலம் சேமிப்பிலிருந்து காட்டிக்கொண்டிருக்கும். முகநூலின் Sharing Debugger பக்கத்தில் முகவரியைக் கொடுத்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.