"பாப்பம்" எண்டு எழுதின கூட்டக்குறிப்பு

மூண்டு மணித்தியாலம் கதைச்சு முடிய, தேத்தண்ணிக் கோப்பையை வைச்சிட்டு எல்லாரும் மோட்டச்சைக்கிளுக்கு ஓடுறது. குறிப்பில மிஞ்சுறது: "வாசிகசாலைக் கூரை திருத்தம் – நிர்வாகம் கவனிக்கும்." நிர்வாகத்துக்குக் கையா இருக்கு, காலா இருக்கு? அடுத்த கூட்டத்திலும் அதே வரி, அதே ஒழுக்கு.

கூட்டத்தின்ரை கடைசிக் கால்மணித்தியாலத்தை, ஆர் என்ன வேலையை எப்ப முடிக்கிறது எண்டு எழுதுறதுக்கெண்டே ஒதுக்குங்கோ. தலைவர் கதையை நிப்பாட்ட, செயலாளர் ஒவ்வொரு வேலையையும் உரத்து வாசிக்கவேணும். "கூரை திருத்தம்" ஒரு வேலையில்லை, அது ஒரு மாதத்துத் திட்டம். முதல் அடியை மட்டும் எழுதுங்கோ: "இரண்டு தச்சரிட்டை எழுத்தில விலை எடுத்து, பொருளாளரிட்டைக் குடுக்கிறது." இப்பிடி எழுதினால் முடிஞ்சதோ இல்லையோ எண்டு ஆரும் சொல்லலாம்.

ஒரு வேலைக்குப் பெயர் ஒண்டுதான். இரண்டு பெயர் போட்டால் ஆளையாள் பாத்துக்கொண்டிருப்பினம். உதவிக்கு ஆள் வேணுமெண்டால் பக்கத்தில எழுதலாம், ஆனால் பதில் சொல்லுறது ஒராள். கூட்டத்துக்கு வராதவரின்ரை தலையில கட்டுறது இன்னும் மோசம், அவருக்கே தெரியாது. அங்கையே போன் எடுத்துச் சம்மதம் கேளுங்கோ, இல்லாட்டி வந்திருக்கிற ஒராளிட்டை "அவரைக் கேட்டுச் சொல்லுறது" எண்டதை வேலையாக் குடுங்கோ.

திகதியை அந்த ஆளே வாயால சொல்லட்டும். "வாற கிழமை" செல்லாது, "12ஆம் திகதி பின்னேரம்" செல்லும். மாரிக்கு முன்னம் ஓடு மாத்தவேணுமெண்டால் அதிலயிருந்து பின்னுக்கு எண்ணிப் பாருங்கோ. ஆரும் பெயர் குடுக்காட்டி அந்த வரியை வெட்டுங்கோ. பிறகு பட்டியலைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில போட்டிட்டுக் கதவைத் திறவுங்கோ.