பட்டினி கிடந்தும் எல்.டி.எல். கூடியது ஏன்?

தக்கலை அருகே ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இரவு எட்டு மணிக்குச் சாப்பாட்டை முடித்து, மறுநாள் நண்பகல் வரை கட்டன்சாயா மட்டும் குடித்து நான்கு மாதங்களில் ஐந்து கிலோ குறைத்த என் மைத்துனர், சென்ற வாரம் இரண்டு ரிப்போர்ட்டுகளை நீட்டி, "அத்தான், பட்டினி கிடந்ததுக்கு இதுதான் கூலியா?" என்று கேட்டார். கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். 126 ஆக இருந்தது 150 ஆகியிருந்தது.

நான் முதலில் பார்த்தது இரத்தத்திலுள்ள இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடை. அது 220 இலிருந்து 110 ஆக இறங்கியிருந்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் 210 இலிருந்து 214 ஆகவும், நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். 40 இலிருந்து 42 ஆகவும் ஆகியிருந்தன. பல கூடங்களில் எல்.டி.எல். நேரடியாக அளக்கப்படுவதில்லை, மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுகிறார்கள். 1972 இல் வந்த ஃபிரீடுவால்டு சூத்திரம் அது. முதல் ரிப்போர்ட்டில் 210 இலிருந்து 40, 44 போக 126. இரண்டாவதில் 214 இலிருந்து 42, 22 போக 150. டிரைகிளிசரைடு பாதியானதால் கழிபடும் தொகையும் பாதியாகிவிட்டது. டிரைகிளிசரைடு 200ஐத் தாண்டும்போது இந்தச் சூத்திரம் எல்.டி.எல்.லைக் குறைத்துக் காட்டக்கூடியது என்பதால், அந்தப் பழைய 126 தான் எனக்குச் சந்தேகத்துக்குரியது.

கூடிய 24 முழுவதும் கணக்கின் விளையாட்டு என்று சொல்லமாட்டேன். எடை இறங்கிக்கொண்டிருக்கும்போது கொழுப்புத் திசுவில் கிடந்த கொலஸ்ட்ராலும் இரத்தத்துக்கு வரும். போதாததற்கு, முதல் முறை பத்து மணி நேரப் பட்டினியில் இரத்தம் கொடுத்தவர், இரண்டாம் முறை பதினாறு மணி நேரம் கழித்துக் கொடுத்திருக்கிறார். ஒப்பிட வேண்டுமானால் இரண்டு முறையும் ஒரே அளவு பட்டினி, பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம், இருக்க வேண்டும். எடை சில வாரங்களாவது அசையாமல் நின்றிருக்க வேண்டும்.

இந்தக் குழப்பத்தில் நம்பக்கூடியது மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழித்த எண். அது 170 ஆக இருந்து 172 ஆகியிருக்கிறது. அதாவது ஒன்றும் கெடவில்லை; ஆனால் 130க்குக் கீழே இருப்பது நல்லது எனப்படும் அந்த எண்ணில் ஒன்றும் தேறவும் இல்லை. அவருக்கு இதுதான் கசந்தது.

2022 இல் வெளியான குவாங்சோ நகர ஆய்வில், குறைவாகச் சாப்பிட்ட 139 பேரில் ஒரு பிரிவினர் காலை எட்டு முதல் மாலை நான்கு வரை மட்டுமே உண்டார்கள்; மற்றவர்களுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. ஓராண்டு கழித்து எடையிலும் கொழுப்பு அளவுகளிலும் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. டிரைகிளிசரைடை இறக்கியது எடைக் குறைவே தவிர கடிகாரம் அல்ல என்பது என் கருத்து.

நண்பகலுக்குப் பின் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். மரச்சீனியும் தேங்காய் அரைத்த மீன்கறியும், மாலையில் தேங்காய் எண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் சிப்ஸும், இரவில் பரோட்டாவும் மாட்டிறைச்சி வறுவலும். மரச்சீனியை நான் குறை சொல்லவில்லை. எல்.டி.எல்.லைக் கூட்டும் நிறைவுற்ற கொழுப்பு தேங்காய் எண்ணெயிலும் அந்த வறுவலிலும் இருக்கிறது. பதினாறு மணி நேரம் வாயை மூடியிருந்தாலும் மிச்ச எட்டு மணி நேரத்தில் அது முழுதாக உள்ளே போய்விடுகிறது. சிப்ஸை நிறுத்திவிட்டு, எட்டு வாரம் கழித்து காலை எட்டு மணிக்கு இரத்தம் கொடுக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். வறுவலைப் பற்றி மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை.