ஏழு மடங்காகத் தெரியும் ஆறு அடி

"முல்லைப்பெரியாறு 136 அடியிலிருந்து 142 அடி ஆனதும் தண்ணீர் ஏழு மடங்கு ஏறிவிட்டது, படத்தைப் பாருங்கள்!"

இது தவறு. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாரில் குடியிருக்கும் நம்மவர்களைக் கலங்கடிக்கும் அந்தப் பட்டை வரைபடத்தின் இடப்பக்க அளவுகோல் பூஜ்ஜியத்தில் அல்ல, 135 அடியில் தொடங்குகிறது. அதனால் முதல் பட்டை ஒரு கட்டமும் இரண்டாவது ஏழு கட்டமும் உயர்ந்து நின்று, 4.4 விழுக்காடே உள்ள வேறுபாட்டை ஏழு மடங்காகக் காட்டுகின்றன. பட்டையின் நீளத்தையே கண் அளவாகக் கொள்வதால் அதன் அடிப்பகுதியை வெட்டக் கூடாது. தினசரி மட்டத்தைக் கோடாக வரைந்திருந்தால் 135இல் தொடங்குவது குற்றமில்லை. மேலும், அடி என்பது மட்டம், கொள்ளளவு அல்ல. நீர்த்தேக்கம் மேலே போகப் போக விரிவதால் நீரின் அளவு 4.4 விழுக்காட்டைவிடக் கூடுதலாகவே உயரும், ஆனால் எவ்வளவு என்பதை அந்தப் படத்திலிருந்து கணக்கிடவே முடியாது.