காணி விலை கூடினால் அது இலாபமா?

"உப்புவெளி ஹோட்டல் கம்பனியின்ர காணி 4 கோடி கூடியிருக்கு. பங்கிலாபம் தராமல் இருக்கத்தான் அதை இலாபத்தில காட்டாமல் ஒளிச்சிட்டாங்கள்."

ஒளிக்கவில்லை. வருமானக் கூற்றில் இலாபத்துக்குக் கீழே, 'ஏனைய முற்றடக்க வருமானம்' என்ற பகுதியைப் பாருங்கள். பலர் இலாபம் எழுதிய வரியோடு தாளை மூடிவிடுகிறார்கள்.

2 கோடிக்கு வாங்கிய காணியை மதிப்பீட்டாளர் இப்போது 6 கோடி என்கிறார். காணி விற்கப்படவில்லை, கம்பனிக்கு ஒரு சதமும் வரவில்லை. அதில் ஹோட்டல்தான் நடக்கிறது. ஆகவே இலங்கைக் கணக்கீட்டு நியமமான எல்.கே.ஏ.எஸ். 16 இன்படி அந்த 4 கோடி உரிமையாண்மையில் மீள்மதிப்பீட்டு ஒதுக்கமாகச் சேரும். (பிற்போட்ட வரியை இங்கே விட்டுவிடுகிறேன்.) முன்பு இதே காணியின் விலை இறங்கி நட்டம் எழுதியிருந்தால் மட்டும், அந்த அளவுக்கு இலாபத்தில் வரும்.

நாளை 6½ கோடிக்கு விற்றால்? இலாபத்தில் தெரிவது 50 இலட்சம்தான். ஒதுக்கத்திலுள்ள 4 கோடியை, இலாபக் கணக்கைத் தொடாமல், நேரே பிடித்துவைத்த வருவாய்க்கு மாற்றலாம். காசும் அப்போதுதான் கையில் இருக்கும். பங்கிலாபம் கேட்பதானால் அந்த வருடம் கேளுங்கள்.

வாடகைக்கு விட்ட முதலீட்டுக் காணி என்றால் கதை வேறு. நியாயப் பெறுமதி முறையில் காட்டினால் ஏற்றம் இலாபத்துக்கே போகும்.