விளையாட வேண்டாம், பார்த்தால் போதும் என்பவர்களுக்கு

கேம் விளையாடப் பிடிக்காது, ஆனால் யாராவது விளையாடுவதைப் பார்க்கப் பிடிக்கும் என்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். எந்த கேமைப் பார்க்கலாம் என்று கேட்டால், பெரும்பாலும் அந்த வாரம் அதிகக் கூட்டம் பார்க்கும் கேமின் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். அது சரியான அளவுகோல் இல்லை. என் கணக்கில் இரண்டே கேள்விகள்தான். ஆடுகிறவருக்குத் தெரிவதெல்லாம் பார்க்கிறவருக்கும் தெரிகிறதா? அவர் முடிவெடுப்பதற்குள் நாமும் ஒரு முடிவெடுக்க நேரம் கிடைக்கிறதா?

துப்பாக்கிச் சண்டை கேம்கள் பல இதில் தோற்றுப்போகும். ஆடுகிறவர் ஹெட்போனில் வலப்பக்கம் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்புவார். நமக்குத் திரை சுழன்றது மட்டும்தான் தெரியும். அவர் ஏன் திரும்பினார் என்று புரிவதற்குள் ஒருவர் செத்திருப்பார். போட்டி ஒளிபரப்பில் இரண்டு அணியையும் காட்டும் தனி கேமரா இருப்பதால் அது வேறு விஷயம். தனி ஆளின் ஸ்ட்ரீமில் அந்த வசதி கிடையாது.

இரண்டு கேள்விக்கும் முழு மதிப்பெண் வாங்குகிற கேம் என்று நான் சொல்வது ஸ்லே த ஸ்பயர். 2019-இல் முழுமையாக வெளிவந்த, ஒருவர் மட்டும் ஆடும் கார்டு கேம். பழசுதான், கிராஃபிக்ஸும் சுமார்தான். ஆனால் எதிரி அடுத்து என்ன செய்யப்போகிறது என்பது அதன் தலைக்கு மேலேயே எழுதியிருக்கும். அடிக்கப்போகிறது என்றால் எத்தனை அடி என்ற எண்ணோடு. கையில் இருக்கும் கார்டுகளும் திரையில் தெரியும். நேரக் கட்டுப்பாடு கிடையாது, ஆடுகிறவர் பத்து நிமிடம் யோசித்தாலும் எதிரி காத்திருக்கும்.

முதல் சண்டையையே எடுத்துக்கொள்வோம். அயர்ன்கிளாட் என்ற பாத்திரத்தின் தொடக்க டெக்கில் பத்து கார்டுகள். 6 டேமேஜ் கொடுக்கும் ஸ்ட்ரைக் ஐந்து, 5 பிளாக் கொடுக்கும் டிஃபெண்ட் நான்கு, பேஷ் ஒன்று. பேஷ் 8 டேமேஜ் கொடுப்பதோடு எதிரியை இரண்டு சுற்றுக்கு வல்னரபிள் ஆக்கும். அந்த நிலையில் எதிரி வாங்கும் அடி ஒன்றரை மடங்கு. ஒவ்வொரு சுற்றிலும் டெக்கிலிருந்து புதிதாக ஐந்து கார்டு கைக்கு வரும், செலவழிக்க 3 எனர்ஜி. பேஷுக்கு 2 செலவாகும், மற்றவற்றுக்குத் தலா 1.

எதிரே ஜா வோர்ம். ஆரம்பக் கடின நிலையில் அதன் உயிர் 40-இலிருந்து 44-க்குள் இருக்கும். தலைக்கு மேல் 11 என்று காட்டுகிறது. நம் கையில் ஸ்ட்ரைக் இரண்டு, டிஃபெண்ட் இரண்டு, பேஷ் ஒன்று வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பார்ப்பவர் உடனே சொல்வது, இரண்டு டிஃபெண்ட் போட்டு 10 தடுத்து, மிச்சத்தில் ஒரு ஸ்ட்ரைக். ஒரே ஒரு உயிர்தான் போகும், பத்திரமான ஆட்டம் மாதிரித் தெரியும்.

அனுபவம் உள்ளவர் பேஷ் போட்டுவிட்டு ஸ்ட்ரைக் போடுவார். 8, அதன்மேல் 9, மொத்தம் 17. வரிசையை மாற்றி ஸ்ட்ரைக்கை முதலில் போட்டால் 14தான், மூன்று வீண். பதிலுக்கு 11 அடியும் முழுசாக விழும். ஏன் இந்தத் துணிச்சல்? டெக்கில் மிச்சம் இருப்பது ஐந்தே கார்டு. அதில் மூன்று ஸ்ட்ரைக், இரண்டு டிஃபெண்ட். அடுத்த சுற்றில் அந்த ஐந்தும் கைக்கு வந்தே தீரும், அதிர்ஷ்டத்துக்கு அங்கே வேலையே இல்லை. வல்னரபிளும் இன்னும் ஒரு சுற்று பாக்கி. மூன்று ஸ்ட்ரைக்கும் ஒன்பது ஒன்பதாக 27. எதிரிக்கு 44 உயிர் இருந்தாலும் 17-உம் 27-உம் சேர்ந்து கச்சிதமாக முடிந்துவிடும். சண்டை முடிந்ததும் அயர்ன்கிளாடுக்கு 6 உயிர் திரும்பக் கிடைப்பதால், உண்மையான இழப்பு ஐந்துதான். பத்திரமாக ஆடியவரோ மூன்றாவது, நான்காவது சுற்றுக்கு இழுத்துக்கொண்டிருப்பார். அதற்குள் ஜா வோர்ம் தன் பலத்தைக் கூட்டிக்கொண்டால் 11 அடி 14 ஆகிவிடும்.

இந்தக் கணக்கை ஆடுகிறவர் மனதுக்குள் போடும் அதே நேரத்தில் நாமும் போடலாம் என்பதில்தான் முழுச் சுவையும் இருக்கிறது. கையில் கண்ட்ரோலர் இல்லாமலேயே, "ஐயோ, அதைப் போடாதே" என்று கத்தலாம்.

இதே கணக்கு பெரிதாகும்போது பதற்றமும் பெரிதாகும். முதல் பகுதியின் முடிவில் வரக்கூடிய ஸ்லைம் பாஸ் என்ற பெரிய எதிரிக்கு 140 உயிர். அது பாதிக்கோ அதற்குக் கீழோ போனால், தன் முறை வரும்போது இரண்டாகப் பிரியும். பிரியும்போது பாஸுக்கு மிச்சமிருந்த உயிர் இரண்டுக்குமே முழுசாகக் கிடைக்கும். 75-இல் இருக்கும்போது ஒரு சின்ன ஸ்ட்ரைக் போட்டு 69-இல் விட்டால், எதிரே நிற்பவை தலா 69 உயிருள்ள இரண்டு. பொறுத்திருந்து ஒரே சுற்றில் 40 அடி சேர்த்துக் கொடுத்தால் தலா 35தான். ஆனால் மூன்றாவது சுற்றில் பாஸ் 35 அடி அடிக்கும், பிரிய வைத்துவிட்டால் அந்த அடி ரத்தாகும். பொறுப்பதா, இப்போதே உடைப்பதா? எந்த பாஸ் காத்திருக்கிறது என்பது அந்தப் பகுதியின் மேப் உச்சியில் முதலிலிருந்தே தெரியும். அதனால் ஒரு மணி நேரம் முன்பாகவே பெரிய அடி கொடுக்கும் கார்டு கிடைக்கவில்லையே என்று சாட் முழுக்கப் புலம்பும்.

யாருடைய ஸ்ட்ரீம் என்பதும் முக்கியம். வேகமாக ஆடுகிறவர்களைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். அவர்கள் கேமின் வேக மோடைப் போட்டுவிட்டு, ஒரு சுற்றை மூன்று நொடியில் முடிப்பார்கள். கார்டைப் போடும் முன் காரணத்தைச் சொல்கிறவராகப் பாருங்கள், போட்ட பிறகு சொல்வது வெறும் விளக்கவுரைதான். அயர்ன்கிளாடில் ஆரம்பிப்பது நல்லது, எண்கள் எளிமை. வாட்சர் என்ற பாத்திரத்தைக் கடைசிக்கு வையுங்கள். கோப நிலைக்குப் போனால் கொடுக்கும் அடியும் வாங்கும் அடியும் இரட்டிப்பாகும், ஒரே சுற்றில் உள்ளே வெளியே என்று போய்வருவார்கள், பழகாத கண்ணுக்குத் தலை சுற்றும்.

குறையும் உண்டு. மூன்றாம் பகுதிக்கு வரும்போது டெக் முப்பது கார்டைத் தாண்டியிருக்கும், வழியில் சேர்த்த ரெலிக் என்ற துணைப் பொருட்களின் படங்கள் மேலே ஒரு வரிசை, எது என்ன செய்யும் என்று நினைவிருக்காது. ட்விட்சில் சில ஸ்ட்ரீமர்கள் அதற்கான எக்ஸ்டென்ஷன் போட்டிருப்பார்கள், மவுஸை ரெலிக் மேல் வைத்தால் விளக்கம் வரும். மொபைலில் குறைந்த தரத்தில் பார்த்தால் கார்டில் இருக்கும் எழுத்து மங்கிவிடும், எண் தெரியாவிட்டால் இந்த கேமில் பார்க்க ஒன்றுமே இல்லை.

பதிவு செய்த வீடியோவாகப் பார்ப்பவர்களுக்கு ஒன்று. ரன் என்றால் தொடக்கத்திலிருந்து ஜெயிக்கும்வரை அல்லது சாகும்வரை ஒரு முழு ஆட்டம். ஒரு வீடியோவுக்கு ஒரு ரன் என்று போடுகிறவர்களிடம், கீழே ஓடும் நேரப்பட்டையே முடிவைச் சொல்லிக்கொடுத்துவிடும். முதல் பகுதியின் பாஸ் சண்டை நடக்கிறது, மிச்சம் இரண்டு நிமிடம்தான் என்றால் ஆள் அவுட் என்று தெரிந்துவிடும். முழுத்திரையில் வைத்து, மவுஸைத் தொடாமல் விட்டால் பட்டை மறைந்துவிடும். இல்லையென்றால் பல ரன்கள் சேர்ந்த நீளமான ஸ்ட்ரீம் பதிவையே தேர்ந்தெடுங்கள், அதில் எந்த ரன் எங்கே முடியும் என்று ஊகிக்க முடியாது.