வெப்சைட்டைப் பார்த்து எவன் கல் வாங்குவான்?

ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து வீட்டில் நடந்தது இதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் இந்தப் பதிவையும் படிப்பீர்கள். மாமாவின் பட்டறைக்கு ஒரு வெப்சைட் வைக்கலாம் என்று நான் சொல்லிவருவதுதான் பேச்சு. "என்ன மாப்ளே, வெப்சைட்டைப் பார்த்து எவன் கல் வாங்குவான்? தொட்டுப் பார்த்துத்தான் வாங்குவான்" என்று மாமா பந்தியில் கேட்டார். பந்தியே சிரித்தது. நான் ரசத்தோடு எழுந்துவிட்டேன். பெரியவரிடம் சாப்பாட்டு இலைக்கு முன்னால் வாக்குவாதம் செய்ய வேண்டாம் என்றுதான் அன்று பேசவில்லை. பதில் இல்லாமல் இல்லை.

மாமா ஆத்தங்குடிக் கல், அதாவது வீட்டுத் தளத்தில் பதிக்கிற பூப்போட்ட சிமெண்ட் கல், செய்கிறவர். அந்தப் பட்டறையில்தான் என் பள்ளி விடுமுறைகள் எல்லாம் போயின. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் சாயச் சிமெண்ட்டைக் கரண்டியால் ஊற்றுவார்கள். மேலே காய்ந்த கலவை, அதன் மேல் ஈரக் கலவை. பிறகு தண்ணீர்த் தொட்டி, பிறகு வெயில். ஒவ்வொரு கல்லும் கையால் போட்டது. ஆகவே தொட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று மாமா சொன்னதில் தப்பே இல்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று: தொட்டுப் பார்க்க வருகிறவன் உங்கள் பட்டறைக்கு எப்படி வந்து சேருவான்?

முன்பெல்லாம் வெளியூர்க்காரர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஸ்டாப்பில் இருக்கிற டீக்கடையில்தான் விசாரிப்பார். டீக்கடைக்காரர் யாரைக் கை காட்டுகிறாரோ அந்தப் பட்டறைக்கு வியாபாரம். மாமாவே இதைச் சொல்லிச் சொல்லி ஆதங்கப்பட்டிருக்கிறார். இன்றைக்கு அந்த டீக்கடை போனுக்குள் இருக்கிறது, அவ்வளவுதான். போன மாதம் மாமா பட்டறையின் பெயரை என் போனில் தட்டிப் பார்த்தேன். முதலில் வந்தது ஏதோ ஒரு விலாசத் தொகுப்புப் பக்கம். அதில் இருந்த நம்பர் மாமா எப்போதோ விட்டுவிட்ட பழைய நம்பர். அடுத்து வந்தது, நம் ஊர்க் கல்லை வாங்கிச் சென்னையில் விற்கிற ஒருவருடைய பக்கம். அதில் இருந்த படம் மாமா பட்டறையில் எடுத்தது. பின்னால் தெரிகிற வேப்ப மரத்தை எனக்குத் தெரியாதா?

"கூகுள் மேப்பில்தான் கடை இருக்கிறதே" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். இருக்கட்டும். மேப் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? முதல் வேலையே அதுதான், காசும் கிடையாது. ஆனால் அங்கே யார் வேண்டுமானாலும் நம்பரையோ நேரத்தையோ மாற்றச் சொல்லிப் பரிந்துரைக்கலாம், கடை மூடிவிட்டது என்று கூடச் சொல்லலாம். உரிமையாளர் என்று உறுதி செய்து வைத்துக்கொண்டு அவ்வப்போது பார்க்கவில்லை என்றால், அதுவும் டீக்கடைக்காரர் வாய்தான். வெப்சைட் என்பது உங்கள் பட்டறையைப் பற்றி நீங்களே உங்கள் வாயால் சொல்வது.

சரி, வழி கேட்டவன் நம்பரையும் கண்டுபிடித்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு சனிக்கிழமை காலை பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து மாமாவுக்கு வந்த போன்களை எண்ணினேன். பதினோரு மணிக்குள் ஒன்பது. ஒவ்வொரு முறையும் அச்சைக் கீழே வைத்து, கையைத் துண்டில் துடைத்து, சிமெண்ட் படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிற போனை எடுக்கிறார். ஒன்பது பேரும் கேட்டது ஒரே நான்கு கேள்வி. என்ன அளவு இருக்கிறது, சதுர அடி என்ன விலை, எத்தனை நாளாகும், எங்கள் ஊருக்கு லாரியில் வருமா. அதற்குள் ஊற்றிய சாயம் இறுகிவிட்டது என்று இரண்டு கல்லை ஒதுக்கிப் போட்டார்கள்.

கும்பகோணத்திலோ காரைக்குடியிலோ ஹோட்டலுக்குப் போனால் சுவரில் விலைப் பலகை மாட்டியிருக்கிறதே, ஏன்? இட்லி எவ்வளவு, தோசை எவ்வளவு என்று ஒவ்வொருவருக்கும் சர்வர் சொல்லிக்கொண்டிருந்தால் பரிமாறுவது யார்? அந்தப் பலகைதான் நான் சொல்வது, வேறு எந்த மந்திரமும் இல்லை.

பலகையில் என்ன எழுதுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூரிலிருந்து பேசுகிறவர் வீட்டு ஹால் 12க்கு 15 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள், 180 சதுர அடி. 10 அங்குலக் கல் என்றால் சதுர அடிக்கு 1.44 கல், ஆக 260. வெட்டுவதற்கும் உடைவதற்கும் பத்து சதவீதம் சேர்த்தால் 286. 8 அங்குலக் கல் என்றால் சதுர அடிக்கு 2.25, ஆக 405. சேர்த்துச் சொன்னால் 446. ஓரத்துக்குப் பார்டர் போடுவதானால் அதைத் தனியாகக் கழித்துக் கணக்குப் போட வேண்டும். மாமா இதை மனக்கணக்காகவே சொல்லிவிடுவார். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குச் சொல்வார்? இதையே ஒரு பக்கத்தில் எழுதி வைத்தால், பேசுகிறவர் "286 கல் வேண்டும், 15 நாளில் கிடைக்குமா" என்றுதான் போனை எடுப்பார். அப்படிப் பேசுகிறவர் வாங்க வருகிறவர்.

இதில் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. விலைப் பட்டியலை நோட்டீஸ் மாதிரி வடிவமைத்து ஒரே படமாகப் போட்டுவிடுவார்கள். படத்துக்குள் இருக்கிற எழுத்தை நம்பித் தேடலில் வர முடியாது. எழுத்தை எழுத்தாகவே போட வேண்டும். அதேபோல போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் ஒன்று நாலைந்து எம்.பி. இருக்கும், நாற்பது படம் இருந்தால் கிராமத்து சிக்னலில் பக்கம் திறப்பதற்குள் வந்தவர் போய்விடுவார். ஒவ்வொன்றையும் 200 கே.பி. அளவுக்குக் குறைத்தால் போதும்.

"விலையைப் போட்டால் பக்கத்துப் பட்டறைக்காரன் பார்த்துவிடுவான்." இது மாமாவின் பெரிய வாதம். மாமா, அவர் ஏற்கெனவே மச்சினனை விட்டு உங்களுக்குப் போன் போட்டு விலை கேட்டுவிட்டார். நீங்களும் அவரிடம் அப்படித்தான் கேட்டீர்கள். வேண்டுமானால் "இந்த விலையிலிருந்து தொடங்கும்" என்று மட்டும் போடுங்கள்.

அப்புறம் அந்த அடையாறு வீட்டு விஷயம். அந்தச் சென்னை வியாபாரியிடம் கல் வாங்கிப் போட்டவர், ஆறு மாதம் கழித்துக் கோபமாக மாமாவையே கூப்பிட்டார். சாயம் வெளுத்துவிட்டதாம், ஏமாற்றிவிட்டீர்களாம். விசாரித்தால், தளம் போட்ட கொத்தனார் கடைசியில் சிமெண்ட் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவியிருக்கிறார். கிரானைட்டுக்குச் செய்கிற பழக்கம். இது சிமெண்ட், ஆசிட் பட்டால் மேல் பூச்சையே தின்றுவிடும். வெறும் தண்ணீரால் துடைத்து, தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்க்க வேண்டிய கல். அதைச் சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்த மாமா அந்த வீட்டுக்காரர் கண்ணில் படவே இல்லை. அன்று இரவு மாமா சரியாகச் சாப்பிடவில்லை என்று அத்தை சொன்னார். "ஆசிட் ஊற்றாதீர்கள்" என்று ஒரு பக்கம், கொத்தனாருக்குப் புரிகிற தமிழில், அனுப்பத் தக்கதாக இருந்திருந்தால் அந்தத் தளம் பிழைத்திருக்கும். எனக்கு விற்பனையை விட இதுதான் பெரிதாகப் படுகிறது.

"வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுகிறேனே, போதாதா" என்கிறார். 24 மணி நேரத்தில் போய்விடும். அதுவும் உங்கள் நம்பரை வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும், அவர்கள்தான் ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவர்கள் ஆயிற்றே!

சமூக ஊடகப் பக்கமே போதும் என்கிறவர்களுக்குத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் கடை விரிக்கலாம், நல்ல வியாபாரமும் நடக்கலாம். வீட்டுக்காரர் நாளைக்குக் கதவைச் சாத்தினால் பாயைச் சுருட்ட வேண்டியதுதான். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கைத் தடை செய்தார்களே, அதில் பெயர் சேர்த்து வைத்திருந்தவர்கள் அந்தக் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வேறு எங்கே போக முடிந்தது? கூகுள் சிறு கடைகளுக்கு இலவசமாகக் கொடுத்திருந்த business.site பக்கங்களை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. மாமா பட்டறையிலேயே நடந்ததுதான். மச்சான் நாலு வருடம் படம் போட்டு வளர்த்த ஒரு கணக்கு, நம்பர் மாற்றியதும் ஓ.டி.பி. பழைய நம்பருக்குப் போய், இன்று வரை திறக்கவில்லை. நாலு வருடப் படமும் உள்ளேயே கிடக்கிறது.

சொந்த டொமைன் பெயர், அதாவது வெப்சைட்டின் விலாசம், பட்டா மாதிரி. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காமல் நிலம் வாங்குவோமா? வெப்சைட் செய்கிற பலர் தங்கள் பெயரிலேயே டொமைனைப் பதிந்துவிடுகிறார்கள். அப்புறம் ஆள் ஊரை விட்டுப் போய்விடுகிறார், வருடப் பணம் கட்டவில்லை, பெயர் கைவிட்டுப் போகிறது. மாமாவின் நண்பர் ஒருவருக்கு இப்படித்தான் ஆனது, அதனால்தான் மாமாவுக்கு இவ்வளவு வெறுப்பு. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். பதிவு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போன் நம்பரில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் நாளைக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றாலும் வேறு ஆளை வைத்து நடத்தலாம்.

"நீ வெப்சைட் செய்து பிழைக்கிறவன், அதனால் சொல்கிறாய்" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆமாம், அதுதான் என் தொழில். கல் போடுகிறவர் கல்லைப் பற்றிச் சொன்னால் கேட்கிறீர்கள். என் தொழிலைப் பற்றி நான் சொன்னால் மட்டும் ஏன் பந்தியே சிரிக்கிறது? பிரிண்டர் ஓடவில்லை என்றால் என்னைக் கூப்பிடுகிறீர்கள். கரண்டு பில் கட்ட, பிள்ளைக்கு கவுன்சிலிங் விண்ணப்பம் போட, இரவு பத்து மணிக்கும் கூப்பிடுகிறீர்கள், வருகிறேன். அப்போதெல்லாம் கெட்டிக்காரன். எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைச் சொல்லும்போது சின்னப் பையன்.

வெப்சைட் வைத்தால் மறுநாளே லாரி நிற்கும் என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. தேடலில் தெரியவே சில மாதம் ஆகும். திரையில் தெரிகிற சிவப்பும் கல்லின் சிவப்பும் ஒன்றாக இருக்காது, அதனால் சாம்பிள் கல் அனுப்பித்தான் ஆர்டர் எடுக்க வேண்டும். அங்கே மாமா சொல்கிற தொட்டுப் பார்ப்பது வந்துவிடுகிறது.

மாமா, உங்கள் பட்டறைப் பெயரில் டொமைனை இரண்டு வருடத்துக்கு முன்பே வாங்கிவிட்டேன், உங்கள் பெயரில்தான். பதியும்போது ஓ.டி.பி. கேட்டேனே, எதற்கு என்று கூடக் கேட்காமல் சொன்னீர்கள். வருடத்துக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் ஆகிறது, அடுத்த மாதம் மறுபடி கட்ட வேண்டும், கட்டிவிடுவேன். பணம் வேண்டாம். ஒரு நாள் காலை வெயில் ஏறுவதற்குள், காயப் போட்ட கல்லை எல்லாம் படம் எடுக்க ஒரு மணி நேரம் பட்டறையில் என்னை விடுங்கள். வேப்ப மரமும் தெரியும்படி எடுக்கிறேன்.