பொள்ளாச்சிக்காரர் ரூலிங் கொழிஞ்சாம்பாறைக்குச் செல்லாது

“பொள்ளாச்சியில ஒருத்தர் தென்னை நார்க்கழிவுக் கட்டிக்கு அட்வான்ஸ் ரூலிங் வாங்கிட்டாரு. அந்த நகலைக் காட்டினா நமக்கும் அதே வரிதான்.”

இப்படி எழுதிய அண்ணா, இல்லைங்க. அட்வான்ஸ் ரூலிங் என்பது ஒரு பொருளுக்கு எந்த வரி என்று கேட்பவருக்கு ஆணையம் முன்கூட்டியே சொல்லும் தீர்ப்பு. ஜிஎஸ்டி சட்டம் 103-ஆம் பிரிவுப்படி அந்த ரூலிங் கேட்டவரையும் அவருக்குரிய அதிகாரியையும் மட்டுமே கட்டும். வாதத்துக்கு அதைக் காட்டலாம், அதுவரை சரி. ஆனால் அதிகாரி ஏற்றே ஆக வேண்டியதில்லை.

உங்கள் ஜிஎஸ்டி பதிவு கேரளத்திலுள்ள கொழிஞ்சாம்பாறை என்றால் கேரள அட்வான்ஸ் ரூலிங் ஆணையத்தில்தான் கேட்க வேண்டும். போர்ட்டலில் GST ARA-01 படிவம். கட்டணம் மத்திய, மாநில வரிக் கணக்கில் தலா 5,000 ரூபாய். “வரி எவ்வளவு?” என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். 70 கிலோ நார்க்கழிவில் 30 கிலோ தொழுவுரம் கலந்தால் அது நார்ப்பொருளா, உரமா என்று கேளுங்கள். கலவை, உறை, பில்லில் போடும் பெயர் எல்லாம் எழுதுங்கள். உண்மையை மறைத்து வாங்கினால் ரூலிங்கையே செல்லாததாக்கிவிடுவார்கள். 90 நாளில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு. இதை யோசித்துவிட்டுக் கேளுங்கள், ஏனென்றால் பாதகமான பதிலும் உங்களைக் கட்டும்.

நோட்டீஸ் வந்துவிட்டது என்ற அக்காவுக்கு: அதே கேள்வி உங்கள் வழக்கிலேயே நிலுவையில் இருந்தால் மனுவை ஏற்க மாட்டார்கள், நோட்டீஸுக்குப் பதில் எழுதுவதுதான் வழி. வெறும் சம்மன் மட்டும் என்றால், அது நிலுவைக் கணக்கில் சேருமா என்பதில் கருத்து வேறுபாடு இன்னும் இருக்கிறது.